போர்ட்டிகோ கான்கிரீட் அன்னைக்கு முட்டு இறங்கினது - உங்களுக்கு இந்த மாதிரி நடந்திருக்கா?

மடிப்பாக்கம் வீடு:
போன மாசம் ஆனது, இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். தரைத்தளம் ரூஃப் போட்டோம். வீட்டுக்குள்ள எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுது, கடைசியா போர்ட்டிகோவுக்கு வந்தாங்க. 14க்கு 12 அடி, அஞ்சு இன்ச் ஸ்லாப். மழைத்தண்ணி ஏறும்னு பிளிந்த் மூணு அடி தூக்கியிருக்கோம், ஆனா போர்ட்டிகோ தரை ரோடு மட்டம், அதனால உள்ள பத்தரை அடின்னா வெளிய பதிமூணரை அடி. உள்ள போட்ட அதே சவுக்கு கம்பு எட்டலன்னு அடியில செங்கல் அடுக்கி அது மேல நிக்க வெச்சிருந்தாங்க. பார்த்தேன், கேக்கல. மேஸ்திரி இருபது வருஷமா செய்றாரு, நான் என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்.

பம்ப் ஹோஸை பிடிச்சிருந்த பையன் போன்ல பேசிட்டே ஒரே இடத்துல கொட்டிட்டான். கீழ ஒரு சத்தம், தேங்காய் உடைக்கிற மாதிரி. ஒரு ஆப்பு தெறிச்சு என் காலுக்குப் பக்கத்துல வந்து விழுந்துச்சு. பார்த்தா மூலைப்பக்கம் ஷீட் கீழ வளைஞ்சிருக்கு. மேல ஆறு பேர் நிக்கிறாங்க, மேஸ்திரி யோசிக்காம திருகி நீட்டுற இரும்பு முட்டு, ஒரு ஜாக்கிய எடுத்துட்டு அடியில ஓடிட்டாரு. அவர் திருகி ஏத்தி நிறுத்தி வெளிய வர்ற வரைக்கும் எனக்கு மூச்சே இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. மூலை ரெண்டு இன்ச் இறங்கி, அவர் ஏத்தினதுல கொஞ்சம் மேல வந்து, இப்ப ஒண்ணேகால் இன்ச் தொங்குது. சென்ட்ரிங் சாமான் வாடகைக்குக் கொடுத்தவர் "கம்புக்கு பதிலா ஜாக்கி போட்டிருந்தா இது நடந்திருக்காது"ங்கிறாரு. நெஜமா?

தாம்பரம் கான்ட்ராக்ட்:
நெஜம்தான் மேடம். நான் சவுக்க விட்டு எட்டு வருஷம் ஆச்சு. ஒரு தடவ பெருங்களத்தூர் சைட்ல பாத்ரூமுக்கு தாழ்வா போடுற சங்கன் ஸ்லாப் போடும்போது ஒரு கம்பு கணுவுல பிளந்துச்சு, வெளியில பார்க்க நல்லாதான் இருந்துச்சு, உள்ள பூச்சி. அன்னையோட முடிவு பண்ணிட்டேன், இரும்பு மட்டும்தான். ஜாக்கி நேரா இருக்கும், அளவு திருகி வெச்சுக்கலாம், செங்கல் வெக்கற வேலையே இல்ல. கம்பு வெச்சே ஆகணும்னா நெருக்கமா வெக்கணும், ரெண்டரை அடிக்கு ஒண்ணு. நெருக்கமா வெச்சா எதுவும் இறங்காது.

சைட் இன்ஜினியர் கேகே நகர்:
மேல சொன்ன அண்ணன் பாதிதான் சொல்றாரு. நெருக்கமா வெச்சா ஒரு முட்டுக்கு வர்ற எடை குறையும், அது சரி. ஆனா அந்த மூலையில விழுந்தது கம்பு இல்ல, கம்புக்குக் கீழ இருந்தது.

மேடம் சொன்ன அளவுலயே பாருங்க. அஞ்சு இன்ச் ஸ்லாப் கம்பியோட சேர்த்து சதுர அடிக்கு கிட்டத்தட்ட 30 கிலோ. ஷீட், ஷீட்ட தாங்குற ரன்னர் சட்டம், ஆளுங்க, வைப்ரேட்டர், கொட்டும்போது வர்ற அதிர்வு எல்லாத்துக்கும் இடம் விட்டு நான் 55னு எடுப்பேன். மூணடிக்கு மூணடி முட்டுன்னா ஒண்ணு 9 சதுர அடி தாங்கும், அதாவது 500 கிலோ பக்கம். நாலுக்கு நாலு வெச்சா 16 சதுர அடி, 880 கிலோ. ஒரே ஒரு அடி கூட்டினதுக்கு சுமை முக்கால் பங்குக்கு மேல ஏறிடுது.

இது கான்கிரீட் பரவி இருக்கும்போது. அந்தப் பையன் போன் பேசினப்ப என்ன ஆச்சு? மெதுவா ஓடுற பம்ப் கூட மணிக்கு 30 க்யூபிக் மீட்டர் தள்ளும், நிமிஷத்துக்கு அரை க்யூபிக் மீட்டர், ஒண்ணேகால் டன். ஒரு நிமிஷம் ஒரே இடத்துல நின்னா அந்தக் குவியல் ஒண்ணு ரெண்டு முட்டு மேலதான் உக்காரும். நாலுக்கு நாலு முட்டுல 480 கிலோ கான்கிரீட் வரும்னு நெனச்ச இடத்துல 1250. இடுப்பு உயரத்துல இருந்து கொட்டினா அந்த அடியும் சேரும்.

அப்புறம் உயரம். ஒரே கம்பு பத்து அடியில தாங்குறத பதிமூணரை அடியில தாங்காது, சாஞ்சு வளைஞ்சு போறது உயரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி வரும். 1000 கிலோ தாங்கினது அங்க 550தான். நடுவுல ரெண்டு பக்கமும் குறுக்குக் கம்பு கட்டி, அது சுவரையோ தூணையோ பிடிச்சுக்கிட்டு இருந்தா, வளையக்கூடிய நீளம் பாதியாகுது, தாங்குறது நாலு மடங்கு. இந்த குறுக்குக் கம்புதான் உள்ள ரூம்ல இல்லாமயே தப்பிச்சுடுது, ஏன்னா நாலு பக்கமும் சுவர் இருக்கு. போர்ட்டிகோவுல சுவரே இல்ல.

மேடம், அந்த இடத்துல மண் எப்படி? தூண் அஸ்திவாரம் தோண்டி மூடின மண்ணா?

மடிப்பாக்கம் வீடு:
ஆமா சார், சம்ப் தோண்டின மண்ணும் அங்கதான் கொட்டி சமப்படுத்தினாங்க. முந்தின வாரம் மழை வேற.

வளசரவாக்கம் ஸ்லாப்:
எங்க வீட்டுக்கும் இதே பிரச்சனை! முட்டு எத்தன நாள்ல எடுக்கணும்னு எங்க மேஸ்திரி கிட்ட கேட்டா அஞ்சு நாள்ங்கிறாரு. எங்க ஸ்லாப்ல கீழ்ப்பக்கம் முழுக்க தேன்கூடு மாதிரி ஓட்டை. நாங்க இரும்பு ஷீட் போட்டோம். பக்கத்து வீட்டுல பிளைவுட் போட்டாங்க, அவங்களுக்கு கீழ்ப்பக்கம் கண்ணாடி மாதிரி, பூச்சே வேண்டாம்னு விட்டுட்டாங்க. அதனால எல்லாரும் பிளைவுட்டுக்கே மாறுங்க. ஷீட்டுல மூலை எல்லாம் வளைஞ்சிருக்கும், ரெண்டு ஷீட் சேர்ற இடத்துல சந்து, அதுல சிமெண்ட் பால் ஒழுகிடும், ஜல்லி மட்டும் நிக்கும், எங்களுக்கு நடந்தது அதுதான். டேப் ஒட்டினா நிக்கும்னாங்க, யாரும் ஒட்டல. அப்புறம் ஆயில், கருப்பு ஆயில்தான் அடிச்சாங்க, கீழ்ப்பக்கம் கறை போகல, பெயிண்ட் பிடிக்கல. பிளைவுட்ல இதெல்லாம் இல்ல. வாடகை கூடத்தான், ஆனா பூச்சுக்கூலி மிச்சம். பிளைவுட்டுக்கு முட்டும் கம்மியா போதும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு.

சைட் இன்ஜினியர் கேகே நகர்:
கடைசி வரி தப்பு, யாரும் அத நம்பி வெச்சுடாதீங்க. இரும்பு ஷீட் மூணுக்கு ரெண்டு, சுத்தி ஆங்கிள் இருக்கு, அதனால ரெண்டு முனையிலயும் ரன்னர் இருந்தா போதும், மூணடி தானா தாண்டும். ஷீட்டோட நீளமே ரன்னர் எவ்வளவு தள்ளின்னு முடிவு பண்ணிடுது. 12 எம்எம் பிளைவுட்டுக்கு ஆங்கிள் கிடையாது, அடியில ஒரு அடி, ஒண்ணேகால் அடிக்கு ஒரு சட்டம் போட்டே ஆகணும், இல்லன்னா நடுவுல தொங்கி ஸ்லாப் அலை அலையா வரும். சட்டம் கூடுது, அந்த சட்டத்துக்கு அடியில ரன்னர், ரன்னருக்கு முட்டு. எடை என்னமோ அதே எடைதான், முட்டு குறையாது.

முட்டு எடுக்குறது பத்தி: கான்கிரீட்டுக்கான இந்திய தர விதி IS 456ல, சாதா சிமெண்ட்டுக்கு 4.5 மீட்டர் வரைக்கும் உள்ள ஸ்லாப்புக்கு 7 நாள், அதுக்கு மேல 14. பீம் முட்டு ஆறு மீட்டர் வரைக்கும் 14, தாண்டினா 21. சாம்பல் கலந்த சிமெண்ட்டுன்னா இன்னும் சில நாள் விடுங்க. அஞ்சு நாள்ல எடுக்கக் கூடாது.

சென்ட்ரிங் பெரியவர்:
நான் சென்ட்ரிங் மேஸ்திரி, முப்பது வருஷம். பையன் டைப் பண்றான், நான் சொல்றேன். கான்ட்ராக்ட் தம்பி ஜாக்கின்னா கண்ண மூடிட்டு நம்பலாம்னு எழுதியிருக்கு, அதுக்குத்தான் பதில். போரூர் பக்கம் ஒரு வேலையில ஜாக்கி வாடகைக்கு வந்துச்சு, பாதி ஜாக்கியில உள்குழாய தாங்குற பின் இல்ல. பசங்க எட்டு எம்எம் கம்பி வெட்டி பின் ஓட்டையில சொருகிட்டானுங்க. கான்கிரீட் போட்டு பத்து நிமிஷத்துல நாலு கம்பி வளைஞ்சு உள்குழாய் சர்ருனு இறங்குது. இரும்பு குழாய் அப்படியே இருந்துச்சு, பின்தான் போச்சு. வந்த அன்னைக்கே ஒவ்வொரு பின்னயும் நான் எடுத்துப் பார்ப்பேன் இப்பல்லாம். முழுசா நீட்டின ஜாக்கி பாதி நீட்டினது தாங்குற எடைய தாங்காது, அதையும் பாக்கணும்.

சவுக்கு நல்ல கம்பு, நேரா, மணிக்கட்டு விட பருமனா, ஒட்டுப்போடாம இருந்தா பத்தடிக்கு ஒண்ணும் பண்ணாது. செங்கல் வெச்சதுதான் பாவம். இன்ஜினியர் தம்பி மண்ணுன்னு சொல்லுது, நான் செங்கல்லுன்னு சொல்றேன். சிமெண்ட் இல்லாம ரெண்டு மூணு வரி அடுக்கினா வைப்ரேட்டர் ஆட்டத்துக்கே நகரும், அதுக்கு மண் இறங்கணும்னு அவசியமே இல்ல.

சைட் இன்ஜினியர் கேகே நகர்:
ஐயா சொல்றது நடக்கும், மறுக்கல. ஆனா மூணு இன்ச் கம்பு அடிமுனை ஏழு சதுர இன்ச்தான், அதுல 500 கிலோ நிக்குதுன்னா, அப்ப அள்ளிப் போட்ட ஈர மண்ணு அத விழுங்கும். அடியில 9க்கு 18 இன்ச் பலகை போட்டா அதே எடை 160 சதுர இன்ச்ல பரவும். எங்க சைட்ல சம்ப் மண் மேல முட்டு நிக்கணும்னா மண்ண நனைச்சு திமிசு போட்டு, அது மேல பலகை நீளவாக்குல போட்டு, ரெண்டு மூணு முட்டு ஒரே பலகையில நிக்கற மாதிரி வெப்போம். மேடம், செங்கல் சாஞ்சிருந்துச்சா, இல்ல நேரா உள்ள போயிருந்துச்சா? அது தெரிஞ்சா சொல்லிடலாம்.

தாம்பரம் கான்ட்ராக்ட்:
பின் விஷயம் ஐயா சொன்னது சரி, ஒத்துக்கறேன். ஆனாலும் நான் சவுக்குக்குத் திரும்ப மாட்டேன்.

மடிப்பாக்கம் வீடு:
நேத்து முட்டு பிரிக்கும்போது நின்னு பார்த்தேன். 14 நாள் விட்டோம். இறங்கின மூலையில செங்கல் ஒரு வரி மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சிருந்துச்சு, அதுக்கு மேல் வரி வெளிப்பக்கமா ஒரு இன்ச் நகர்ந்திருந்துச்சு. ரெண்டுமே இருக்கு, எது முதல்லன்னு எனக்குத் தெரியல. ஆப்பு ஆணி அடிக்காத ஆப்பு, அது மட்டும் நிச்சயம். குறுக்குக் கம்பு ஒண்ணு கூட இல்ல. மேஸ்திரி ஏத்தின ஜாக்கி பக்கத்துல மெல்லிசா ஒரு விரிசல், பீம்ல இருந்து ஒண்ணரை அடி தள்ளி. அது அவர் ஜாக்கிய ஏத்தினதால வந்ததா, கான்கிரீட் இறுகின அப்புறம் வந்ததா? அவர் ஏத்தினது கொட்டி முக்கால் மணி நேரத்துக்குள்ளதான்.

சைட் இன்ஜினியர் கேகே நகர்:
முக்கால் மணி நேரம்னா வெயில் நாள்ல எல்லைக்குப் பக்கம், சில கலவை அப்பவே இறுக ஆரம்பிக்கும். ஜாக்கி ஒரு புள்ளியில தூக்குது, அதனால அந்த இடத்துல விரிசல் வர்றது ஆச்சரியமில்ல. விரிசலுக்கு குறுக்கா பென்சில்ல ரெண்டு கோடு போட்டு தேதி எழுதி வையுங்க, ஒரு மாசம் பாருங்க. அகலமாச்சுன்னா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர நேர்ல கூப்பிட்டு காட்டுங்க, பூச்சு போட்டு மூட விடாதீங்க.

இன்னொண்ணு. இறங்குதுன்னு தெரிஞ்ச நிமிஷம் பம்ப்ப நிறுத்தி, மேல இருக்கவங்கள அந்த மூலைய விட்டு தள்ளி, குவியல ஓரத்துல நின்னு பக்கத்துக்கு இழுத்துப் பரப்பணும், அது வரைக்கும் அடியில யாரும் போகக்கூடாது. மேஸ்திரி பொழச்சது அதிர்ஷ்டம். நாங்க போர்ட்டிகோ போடும்போது ஷீட்டுல இருந்து ஒரு ரீப்பர் துண்டு தொங்க விட்டு, அதோட நுனிக்கு நேரா வெளிய ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நூல் கட்டிடுவோம். ஒருத்தர் வெளிய நின்னு நூல மட்டும் பார்ப்பாரு. நுனி நூலத் தாண்டி கால் இன்ச் இறங்கினா கைய தூக்குவாரு.

சென்ட்ரிங் பெரியவர்:
நூல் கட்டுறது நல்லது, ஆனா அந்த ஆளுக்கு வேற வேலை கொடுக்கக் கூடாது. எங்க சைட்ல நூல் பாக்குற பையன டீ வாங்க அனுப்பிட்டாங்க ஒரு தடவ.

மடிப்பாக்கம் வீடு:
பென்சில் கோடு போட்டுட்டேன் சார். மேஸ்திரி கிட்ட இந்த இழைய படிச்சுக் காட்டினேன். அடுத்த வாரம் முதல் மாடி முட்டு வர்றது, பலகைக்கு ஆர்டர் கொடுத்திருக்காரு. அடியில ஓடினத பத்தி மட்டும் பேச மாட்டேங்கிறாரு.