மூன்று தாளும் ‘ஒப்புதல்’ ஆகுமா? பள்ளிச் சுற்றறிக்கைக்குச் சொல் வேண்டும்

மல்லிகா, விவேக் நகர்:
நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் தெருப் பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. பெற்றோர் பலருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் அச்சிட வேண்டும். கையொப்பமிட மூன்று தாள்கள்: சுற்றுலாவுக்கு அனுப்பக் ‘கன்சென்ட்’, விதிகளைப் படித்ததற்கு ‘அக்னாலெட்ஜ்மென்ட்’, கட்டணத்தைத் தவணையில் கட்டுவதற்கு ‘அண்டர்டேக்கிங்’. போன ஆண்டு மூன்றுக்கும் ‘ஒப்புதல் படிவம்’ என்று எழுதிவிட்டேன். மகளைச் சுற்றுலாவுக்கு அனுப்ப விரும்பாத ஒரு தாய் மூன்றிலும் கையொப்பமிடவில்லை. தவணைச் சலுகை போய், முழுத் தொகைக்கும் தாமதக் கட்டணம் விழுந்தது. இம்முறை மூன்று தனிச் சொற்கள் வேண்டும்.

இராசேந்திரன், அல்சூர்:
அம்மா, தாளின் தலைப்பை விடுங்கள். கையொப்பத்துக்கு மேலுள்ள வினையைப் பாருங்கள். ‘அனுமதிக்கிறேன்’ என்றால் மறுக்கவும் இடமுண்டு. ‘படித்தறிந்தேன்’ என்றால் தாள் கைக்கு வந்ததற்குச் சான்று, அவ்வளவே. ‘கட்டுவேன்’ என்றால் வருங்காலம் நம்மைக் கட்டுகிறது. முதலாவது இசைவு, இரண்டாவது ஒப்புகை, மூன்றாவது உறுதிமொழி. வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஒப்புகைச் சீட்டை எல்லோரும் அறிவார்கள். இசைவோ பழைய ஆவணச் சொல். பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் வழக்கைக் கேட்ட அவையோர் ‘இசைவினால் எழுதும் ஓலை’ என்றே பேசுகிறார்கள். அந்த ஓலையைச் சுந்தரர் கிழித்தும் வழக்கு நின்றது, மூல ஓலை வேறு இருந்ததால். ஆகவே பெற்றோர் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளட்டும்.

கவிதா, ஸ்ரீராமபுரம்:
நகல் நல்ல யோசனை, ஐயா. ஆனால் ‘இசைவு’ என்று அச்சிட்டால் என் தெருவில் பாட்டுப் போட்டி என்று நினைப்பார்கள். கன்னடத் தாளில் ‘ஒப்பிகெ பத்ர’ என்று இருக்கும். பிள்ளைதான் வீட்டில் அதைப் படித்துக் காட்டும். ஒப்பிகெக்கு ஒப்புதல் என்றால் உடனே விளங்கும்.

மல்லிகா:
போன ஆண்டு இடறியது அதே சொல்லில்தான், கவிதா. பக்கத்திலேயே ‘ஒப்புகை’ வேறு வரப்போகிறது. சொல்லின் ஈறு மாறினால் தாள் மாறிவிடும்.

கவிதா:
அப்படியானால் ‘சம்மதம்’. பெண் பார்க்கும்போது கேட்கும் சொல். இல்லை என்று சொல்லலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இராசேந்திரன்:
வடசொல்லை நாமே பரப்ப வேண்டுமா? ‘இசைந்தான்’ என்பது இன்றும் வழங்கும் வினை.

குமரன், கே.ஆர். புரம்:
மூன்றாவது தாளுக்குக் கன்னடத்தில் ‘முச்சளிகெ’. அது நம் ‘முச்சலிக்கை’தான். மூன்று சாட்சிகள் கையொப்பமிடுவதால் ‘மு’ வந்தது. தூய தமிழ்; அதையே வைக்கலாம்.

இராசேந்திரன்:
தமிழிலும் வழங்கியது உண்மை, தம்பி. ஆனால் பாரசீகம் வழியாக வந்த சொல் அது; மூன்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஜான்சி, ஹெப்பாள்:
என் மகன் பள்ளியில் அபார் என்னும் மாணவர் அடையாள எண்ணுக்குப் படிவம் தந்து, திங்கட்கிழமைக்குள் கட்டாயம் தர வேண்டும் என்கிறார்கள். 12 இலக்க எண்ணாம். கையொப்பமிடாவிட்டால் சேர்க்கை போய்விடுமா? இதற்குக் கட்டணம் எவ்வளவு?

மல்லிகா:
ஜான்சி அக்கா, நாங்கள் பேசுவது வேறு சுற்றறிக்கை. ஆனாலும் உங்கள் தாளும் முதல் வகைதான். அந்த எண்ணை உருவாக்கப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும், சம்மதிக்காமலும் இருக்கலாம். தாளைத் திருப்பித் தருவது வேறு, சம்மதிப்பது வேறு. விருப்பமில்லையென்றால் அதை எழுதிக் கையொப்பமிட்டு, நகலில் பள்ளியின் முத்திரை வாங்கிவிடுங்கள். எண்ணுக்கென்று கட்டணம் கிடையாது.

கவிதா:
பார்த்தீர்களா, அக்காவுக்குப் பதில் எழுதும்போது உங்களுக்கே ‘சம்மதிக்க’ என்றுதான் வந்தது.

மல்லிகா:
ஆம். அதையே அச்சிடுகிறேன். சம்மதத் தாளில் ‘அனுப்புகிறேன்’, ‘அனுப்பவில்லை’ என்று இரண்டு கட்டங்கள் போடுகிறேன். 12ஆம் தேதி அந்தத் தாள். அனுப்புவோர் மட்டும் 650 ரூபாயும் சேர்த்துத் தர வேண்டும், அது திரும்பக் கிடைக்காது. ஒப்புகைத் தாளும் அன்றே, பணம் இல்லை. உறுதிமொழித் தாள் 14ஆம் தேதி, அன்றும் பணம் இல்லை. தவணைப் பணம் கட்டும் நாள் 30. போன முறை 14ஆம் தேதியே பணம் என்று எண்ணிச் சிலர் வட்டிக்கு வாங்கினார்கள். அதனால் தாளுக்கு ஒரு நாள், பணத்துக்கு ஒரு நாள் என்று தனி வரிகளில் எழுதுகிறேன். ‘14ஆம் தேதிக்கு முன்’ என்றால் 13 என்று கொள்வார்கள். ஆங்கிலச் சுற்றறிக்கையிலோ அந்த நாளும் சேர்த்தி. எனவே ‘14ஆம் தேதி மாலை வரை’.

இராசேந்திரன்:
தேதி வரிகள் சரி. முதல் தாளில் ‘இசைவு’ இல்லாததை நான் ஏற்கவில்லை. அடுத்த சுற்றறிக்கை வரும்போது மீண்டும் எழுதுவேன்.

குமரன்:
மூன்று சாட்சிகள் பற்றி என்னிடம் இன்னும் சில சான்றுகள் உள்ளன. நாளை அனுப்புகிறேன்.