அம்மாவின் கை வெட்டுக்காயம்: படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

நான்கு நாட்களுக்கு முன் அரிவாள்மனையில் அம்மாவின் உள்ளங்கை வெட்டுப்பட்டது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அன்றே தடுப்பூசி போட்டாயிற்று. இரண்டாம் நாள் படத்தையும் இன்றைய படத்தையும் இணைத்திருக்கிறேன்.

முதல் படத்தில் வெட்டின் ஓரத்தில் மெல்லிய சிவப்பும் தெளிந்த நீர்க்கசிவும்தான் இருந்தன. ஆறும் புண்ணில் அது இயல்பு என்பதால் கவலைப்படவில்லை. சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து வைத்தேன். இன்று சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி ஏறக்குறைய ஒரு விரற்கடை பரவியிருக்கிறது. நான்காம் நாள் அது குறைந்திருக்க வேண்டாமா? தோல் பளபளவென்று வீங்கி, கசிவு கலங்கிய மஞ்சளாகிவிட்டது. அம்மா மாநிறம், விளக்கொளியில் சிவப்பு சரியாகத் தெரியவில்லை, அதனால் பகல் வெளிச்சத்தில் எடுத்தேன். படத்தில் தெரியாதவை: தொட்டால் சுடுகிறது, வலி நேற்றைவிட அதிகம். காய்ச்சல் இல்லை.

மணிக்கட்டை நோக்கி ஒரு மெல்லிய சிவப்புக் கோடு எனக்குத் தெரிகிறது. அது நிழலா, தொற்று மேலேறுகிறதா? மருத்துவர்கள், செவிலியர்கள் பார்த்துச் சொல்லுங்கள். காலைவரை காத்திருக்க மனமில்லை. அவசரப் பிரிவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். அங்கே என்னென்ன சொல்ல வேண்டும்?