கறுப்பு பாலியஸ்டர் பேன்ட்டில் ஒட்டும் துகளும் ஷேவர் போடும் ஓட்டையும்

கருநூல்
துணி 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் விஸ்கோஸ். கறுப்பு பேன்ட். துவைத்துக் காய்ந்ததும் முழங்காலுக்குக் கீழே மாவு தூவியதுபோல் வெள்ளைத் துகள். போட்டு நடந்தால் துணி காலோடு ஒட்டிக்கொள்கிறது. உள்தொடையில் சொரசொரவென்று குட்டி உருண்டைகள். ஃபேப்ரிக் ஷேவர் வாங்கியாயிற்று. முழு பேன்ட்டையும் ஒரு ஓட்டு ஓட்டிவிடலாமா?

தறிக்கட்டை
ஓட்டாதீர்கள். நீங்கள் சொன்னவை மூன்று வேறு தொல்லைகள். ஷேவர் அதில் ஒன்றுக்குத்தான் மருந்து.

முதலில் ஒட்டும் டேப்பை முழங்கால் பக்கம் ஒருமுறை, உள்தொடையில் ஒருமுறை அழுத்தி இழுத்துப் பாருங்கள். டேப்போடு வந்துவிட்டால் அது வெளியிலிருந்து வந்த பஞ்சு. அசையாமல் நின்றால் அது துணியின் சொந்த இழையே சுருண்டு முடிச்சானது. பருத்தியிலும் இப்படி உருண்டை வரும், ஆனால் இழை பலவீனமானதால் நாளடைவில் அறுந்து விழுந்துவிடும். பாலியஸ்டர் இழை அறாது. உருண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். ஷேவர் இதற்கு மட்டும்.

வெளிப்பஞ்சு பெரும்பாலும் கூடத் துவைத்த துண்டிலிருந்தோ, பாக்கெட்டில் மறந்த டிஷ்யூ தாளிலிருந்தோ வருகிறது. கறுப்புச் செயற்கைத் துணிகளைத் தனியாக, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடுங்கள். டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் திணிக்க வேண்டாம். தண்ணீர் புரளாவிட்டால் கழன்ற பஞ்சு வெளியேற வழியில்லாமல் மறுபடி துணியிலேயே படியும். மெஷினுக்குள் பஞ்சு பிடிக்கும் வலைப்பை இருந்தால் அதையும் பாருங்கள். நிறையப் பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சலவைச்சோப்பு
இதுக்குப் போய் இவ்வளவா? கடைசி அலசலில் அரை கப் வெள்ளை வினிகர், உள்தையலில் ஒரு ஊக்கு. துணியைக் காலோடு ஒட்டவைக்கும் ஸ்டேட்டிக் மின்னேற்றம் போயே போச்சு. காசு கொடுத்து சாஃப்ட்னர் எதற்கு?

தறிக்கட்டை
பாதி சரி. வினிகர், துணியில் தங்கிய சோப்புப் படிவைக் கழுவிவிடும், அதனால் துணி மென்மையாகத் தெரியும். மின்னேற்றத்தை அது நம்பகமாகக் குறைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். குளோரின் ப்ளீச் போட்ட அதே தண்ணீரில் மட்டும் வினிகரை ஊற்றிவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

ஊக்கு வேலை செய்யும், ஆனால் எட்டும் தூரம் குறைவு. பாலியஸ்டரில் மின்னேற்றம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடிப்போகாது. ஊக்கைச் சுற்றியுள்ளது மட்டும்தான் வடியும். ஒன்றைக் குத்திவிட்டு இரண்டு காலும் விடுதலை என்று நினைக்கக்கூடாது.

அடிப்படைக் காரணம் ஈரமின்மை. பாலியஸ்டர் காற்றிலிருந்து ஏறக்குறைய ஈரமே பிடிக்காது, எடையில் அரை சதவீதம்கூடத் தேறாது. பருத்தி 7, 8 சதவீதம் பிடித்து வைத்திருக்கும், அதன் வழியே மின்னேற்றம் நழுவிவிடும். ஆகவே ட்ரையரில் மொறமொறவென்று காய விடாதீர்கள். இடுப்புப்பட்டியும் பாக்கெட் ஓரமும் லேசாக ஈரமாய் இருக்கும்போதே எடுத்துத் தொங்கவிடுங்கள். போட்ட பிறகு ஒட்டினால் உள்ளங்கையை நனைத்து, உதறிவிட்டு, துணியின் உட்புறம் ஒருமுறை தடவுங்கள். காலில் கொஞ்சம் லோஷன் தேய்த்தாலும் போதும், வறண்ட தோலும் இதில் கூட்டாளிதான்.

சாஃப்ட்னர் வேண்டுமென்றால் கடைசி அலசலில் மட்டும், மூடியில் குறித்த அளவில் பாதி. சோப்போடு சேர்த்து ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்து, கறுப்பில் எண்ணெய் பட்டதுபோல் திட்டுத் திட்டாக நிற்கும். வியர்வை உறிஞ்சும் விளையாட்டு உடைக்கு அதுவும் வேண்டாம், உறிஞ்சும் தன்மை போய்விடும்.

நிழல்குடை
என்னுடையது கறுப்பு பருத்தி டிஷர்ட், வெளுத்துவிட்டது. ஷேவர் போட்டால் கறுப்பு திரும்புமா?

தறிக்கட்டை
இங்கே பேசுவது வேறு. இருந்தாலும் சொல்கிறேன். துணியைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மேலே பூனைமுடிபோல் மெல்லிய ரோமம் தெரிந்தால், வெளுப்பில் ஒரு பங்கு அதுதான், வெளிச்சத்தைச் சிதறடித்துச் சாம்பலாகக் காட்டும். மழித்தால் ஓரளவு கறுக்கும். ரோமமில்லாமல் வெளுத்திருந்தால் சாயமே போய்விட்டது, ஷேவரால் ஆவதொன்றுமில்லை.

இஸ்திரிக்காரர்
துணி கிழிந்து வருகிறவர்களைத் தினமும் பார்ப்பதால் ஷேவர் பற்றி மட்டும் சொல்கிறேன். ஷேவரின் வாயில் ஓட்டை ஓட்டையாய் ஒரு மெல்லிய உலோக வலை, அதற்குப் பின்னால் பிளேடு சுற்றும். வலைக்குள் நுழைவதை அது வெட்டும். உருண்டை நுழைந்தால் உருண்டை, துணி மடிப்பு நுழைந்தால் துணி. ஓட்டை விழும் ரகசியம் இவ்வளவே.

அதனால் துவைத்து, முழுக்கக் காயவைத்து, கெட்டியான மேசைமேல் சுருக்கமில்லாமல் விரியுங்கள். பேன்ட்டை உடம்பில் போட்டுக்கொண்டோ மடியில் வைத்தோ ஓட்டக்கூடாது. உள்தொடைக்கு ஒரு காலுக்குள் கெட்டி அட்டை செருகிக்கொள்ளுங்கள், நாலு தையல் சேரும் இடத்தின் மேடு அடியிலிருந்து தள்ளாது. தையலிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி நில்லுங்கள். தொங்கும் நூலைக் கத்தரியால் முதலில் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிளேடு அதைச் சுருட்டி இழுக்கும்.

உயரம் மாற்றும் வளையம் இருந்தால் அதிக உயரத்தில் ஆரம்பியுங்கள். முதலில் உள்பக்க ஓரத்தில் ஒரு நாணயம் அளவு இடம். அழுத்தாமல், ஷேவரின் சொந்த எடையில், சிறு வட்டமாக. ஒரே இடத்தில் நாலைந்து நொடிக்கு மேல் நிற்காதீர்கள். சரியாய் ஓடும்போது பொரிகிறதுபோல் சடசடவென்று கேட்கும். சத்தம் நின்றால் அங்கே உருண்டை தீர்ந்தது என்று பொருள், அதற்கு மேல் வெட்டுவது துணியைத்தான். மோட்டார் சத்தம் தடித்து இழுத்தால் டப்பா நிரம்பியிருக்கும் அல்லது நூல் சுற்றியிருக்கும். சுவிட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, அதன் பிறகே வலையைத் திறந்து பிரஷ்ஷால் தட்டுங்கள். விரல் விட வேண்டாம். வலையில் நசுங்கலோ பள்ளமோ இருந்தால் அந்த ஷேவரைத் துணிமேல் வைக்கவே கூடாது.

செயற்கைத் துணியில் இன்னொன்று: ஓட்டுகிற உராய்வே மின்னேற்றி, வெட்டிய தூளை மறுபடி துணியில் ஒட்டவைக்கும். முடிந்ததும் பிழிந்த ஈரத்துணியால் ஒரே திசையில் துடைத்துவிடுங்கள்.

சலவைச்சோப்பு
சவர பிளேடு போதாதா? மழித்தால் இன்னும் அதிகமாய் முளைக்கும் என்றும் சொல்கிறார்கள்.

இஸ்திரிக்காரர்
வெறும் பிளேடுக்கு முன்னால் வலை இல்லை. கை ஒரு நூல் தவறினால் பேன்ட் போச்சு. முளைப்பது பற்றி எனக்குத் தெரிந்தவரை: உரசல் இருக்கும் இடத்தில் உருண்டை எப்படியும் வரும்.

தறிக்கட்டை
இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. ஆழமாய் வெட்டினால் நூலிலிருந்து புதிய இழைமுனைகள் வெளியே நீளும், அவை சேர்ந்து சுருள இடமுண்டு. லேசாய் ஓட்டினால் அவ்வளவு நேராது. எப்படியிருந்தாலும் ஒவ்வொரு முறையும் துணி கொஞ்சம் மெலிகிறது. கண்ணுக்கு உறுத்தும்போது மட்டும் போடுங்கள்.

கருநூல்
டேப் போட்டுப் பார்த்தேன். முழங்கால் பக்கம் முழுதும் டேப்போடு வந்துவிட்டது, உள்தொடையில் ஒன்றும் வரவில்லை. உள்தொடைக்கு மட்டும் அட்டை வைத்து ஓட்டினேன், சடசட நின்றதும் நிறுத்தினேன், ஓட்டை இல்லை. ஆனால் ஓட்டிய இடம் மட்டும் இப்போது லேசாய்ப் பளபளக்கிறது. அழுத்திவிட்டேனா, அல்லது உரசி உரசி ஏற்கெனவே தேய்ந்திருந்ததை உருண்டைகள் மறைத்திருந்தனவா?

இஸ்திரிக்காரர்
இரண்டாவதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பின்பக்கம், உட்காரும் இடத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஷேவர் படாத அங்கேயும் பளபளத்தால் தேய்மானம்தான்.