புதுப்பிப்பு: கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன் விண்ணப்பம்

என் கேள்வி: "2 ஏக்கர் சம்பா நெல்லுக்குச் சங்கத்தில் கடன் கேட்கணும். நோக்கம், தொகை, திருப்பிக் கட்டுவது, இதையெல்லாம் எப்படி எழுதுவது?"

கடன் கிடைத்துவிட்டது. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாவின் யோசனைதான். தொகையை நாமாக முடிவு செய்யாமல், அந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று சங்கத்தில் கேட்டு, அதைப் பரப்பால் பெருக்கி எழுதச் சொன்னார். அதற்கு மேல் கேட்டால் வெட்டத்தான் செய்வார்கள். நோக்கம் என்று நான் முதலில் எழுதியிருந்த "விவசாயச் செலவுக்கு" என்பதை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்:

"மேற்படி சர்வே எண்ணில் 2 ஏக்கரில் சம்பா நெல் சாகுபடி செய்ய விதை, உரம், நடவுக்கூலிச் செலவுக்குப் பயிர்க்கடன் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். தை அறுவடையில் நெல் விற்ற பணத்தில், தவணைத் தேதிக்குள் முழுத் தொகையையும் ஒரே தடவையில் செலுத்துவேன்."

மாதத் தவணை எழுதச் சொன்ன தம்பி சொன்னது நகைக்கடனுக்குச் சரியாக இருக்கலாம். பயிர்க்கடனுக்கு அறுவடைதான் கணக்கு. தவணைத் தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை, தாண்டினால் உண்டு. அதனால் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிட்டா மட்டும் போதும் என்று இங்கே ஒருவர் எழுதியது பாதி சரி. நிலம் யாருடையது என்பதை அது காட்டும். என்ன பயிர் என்பதற்கு விஏஓ கையெழுத்திட்ட நடப்பு அடங்கல் வேண்டும். விண்ணப்பத்தில் நெல், அடங்கலில் உளுந்து என்றிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எதிர்பாராதது: ஒரு பகுதியைப் பணமாகத் தரவில்லை, உரமாகத்தான் தந்தார்கள்.

கறவை மாட்டுக் கடன் கேட்ட அக்கா, அது வேறு விண்ணப்பம். குத்தகை நிலம் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.