புதுப்பிப்பு: சிசாட் பத்திக் கேள்விகளுக்குத் தினப் பயிற்சி

முன்பு கேட்டது: "யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் சிசாட் தாளில் வர்ற பத்தியைப் படிச்சாப் புரியுதுங்க, விடைதான் தப்பாகுது. தினமும் எப்படிப் பயிற்சி பண்றது?"

பதில் சொன்னவங்களில் கோபி அண்ணன் சொன்ன முறையைத்தான் எடுத்துக்கிட்டேனுங்க. பழைய வினாத்தாளிலிருந்து தினம் நாலு பத்தி, 12 நிமிசம். அப்புறம் 20 நிமிசம் தப்பானதுக்கு மட்டும்: ஒவ்வொரு தெரிவுக்கும் பத்தியில் ஆதார வரியைத் தேடிக் கோடு போடணும். வரி இல்லைன்னா, அது ஊரறிஞ்ச உண்மையா இருந்தாலும் விடை இல்லை.

அண்ணன் தந்த மாதிரி: "கீழ்பவானியில் தண்ணி திறந்த வருசங்களில் மஞ்சள் பரப்பு கூடியது" என்கிறது பத்தி. "விலை இறங்கும்" என்ற தெரிவு ஈரோட்டுச் சந்தை தெரிஞ்ச நமக்குச் சரியாப் படும். பத்தியில் விலைப் பேச்சே இல்லை. "தண்ணி மட்டுமே காரணம்" என்பதில் 'மட்டுமே' நாமாச் சேர்த்தது. பெரும்பாலான தப்பு இந்த ரெண்டு வகையில்தான் விழுது.

கேள்வியை முதலில் படிக்கச் சொன்ன அக்கா பாதி சரிங்க. தகவல் கேட்டா உதவும். ஆசிரியரின் அனுமானத்தைக் கேட்டா, வாதம் முழுசும் படிக்காமல் முடியாது.

குரூப் 4 தமிழ்ப் பகுதியைப் பற்றிச் சொன்ன தம்பி, இது வேற தேர்வுங்க. சிசாட் தாள் இங்கிலீஷ், இந்தியில்தான் வரும், பயிற்சியும் இங்கிலீஷிலேயே வேணும்.

ரெண்டு தெரிவில் மாட்டினா விடலாமா, தொடலாமா? சரிக்கு 2.5, தப்புக்கு 0.83 போகுது. இதில் அண்ணனும் அக்காவும் இன்னும் ஒத்துப்போகலை.