மேனேஜ்டு டேட்டாபேஸ், செல்ஃப் ஹோஸ்டட்: ரெண்டுக்கும் தமிழ்ல என்ன சொல்லலாம்?

கவிதா:

எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு இன்ஜினியர் மட்டும் இருக்கற சின்ன ஸ்டார்ட்அப்புங்களுக்காக ஒரு கையேடு எழுதிட்டு இருக்கேன், அதுல டேட்டாபேஸ சேவையா வாங்கறதா இல்ல நாமளே ஒரு வழங்கியில போஸ்ட்கிரஸ் போட்டு ஓட்டறதான்னு ஒரு அத்தியாயம். "நிர்வகிக்கப்பட்ட தரவுத்தளம்", "சுயமாக வழங்கப்பட்ட தரவுத்தளம்"னு எழுதி வச்சேன், படிச்சுப் பாத்தா எனக்கே ஒட்டல. "நிர்வகிக்கப்பட்ட"ன்னா யாரால? நாமளே ஓட்டறதும் நம்மால நிர்வகிக்கப்பட்டதுதானே. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசம் பளிச்சுனு தெரியற மாதிரி ரெண்டு சொல் வேணும், சொல்லுங்க.

இளங்கோ:

"ஒப்படை தரவுத்தளம்"னு வைங்க. பொறுப்ப ஒப்படைச்சாச்சு, இனிமே பேக்கப் எடுக்கறது, ரெஸ்டோர் பண்றது, வெர்ஷன் ஏத்தறது எல்லாம் அவங்க வேலை. தனி ஆளா இருக்கறவர் டேட்டாபேஸ் பக்கமே திரும்பிப் பாக்க வேண்டாம், அதுக்குத்தானே காசு குடுக்கறோம். அந்தப் பக்கம் "தன்பொறுப்பு தரவுத்தளம்". ஜோடி சரியா வருது.

மணி:

செல்ஃப் ஹோஸ்டட்னா ஆபீஸ்லயே ஒரு மெஷின் வாங்கி வைக்கறதுதானே? அப்ப "அகத்தளம்"னு சொல்லிடலாமே, சின்னதா அழகா இருக்கு. ஆனா கரண்ட் போனா என்ன பண்ணுவாங்க, யூபிஎஸ் பத்தியும் அந்த அத்தியாயத்துல ரெண்டு வரி எழுதிடுங்க.

கவிதா:

மணி சார், மெஷின் எங்க இருக்குங்கறது இங்க கேள்வி இல்ல. வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் மெஷின்ல நாமளே போஸ்ட்கிரஸ் இன்ஸ்டால் பண்ணி ஓட்டுனாலும் அது செல்ஃப் ஹோஸ்டட்தான். அதனாலதான் "வழங்கல்"ங்கற சொல்லே இங்க தப்பான இடத்துல கைய காட்டுதுன்னு தோணுது.

பாலா:

நான் அப்படித் தனி ஆளா ஓட்டறவன்தான், அதனால என் கேஸ சொல்றேன், சொல்லுக்கு உதவுமான்னு பாருங்க. 100 ஜிபி டிஸ்க், அதுல டேட்டாபேஸும் சிஸ்டமும் சேந்து ஒரு 45, மீதி 55 காலி. எந்த மாத்தத்தையும் போஸ்ட்கிரஸ் முதல்ல எழுதி வைக்கற WAL, அதாவது வால் கோப்பு ஒவ்வொண்ணும் 16 எம்பி, எங்க லோடுக்கு நிமிஷத்துக்கு ஒண்ணு ரொம்பும், ரொம்புனதும் archive_command அத வெளிய ஒரு ஸ்டோரேஜுக்கு காப்பி பண்ணிடும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஸ்டோரேஜோட ஆக்சஸ் கீ காலாவதி ஆயிடுச்சு. ஆப் நல்லா ஓடுது, யாருக்கும் எதுவும் தெரியல, ஆனா காப்பி ஆகாத கோப்ப போஸ்ட்கிரஸ் அழிக்காது, pg_wal குள்ளயே சேத்து வச்சுக்கும். மணிக்கு கிட்டத்தட்ட 1 ஜிபி, 55 ஜிபிக்கு ரெண்டு நாளுக்கு மேல தாங்கும், கரெக்டா திங்கக்கிழமை விடியக்காலைல டிஸ்க் ரொம்பி நின்னுடுச்சு. லாக்ல கடைசி வரி இதான்:

```
PANIC:  could not write to file "pg_wal/xlogtemp.2291": No space left on device
```

எனக்கு அப்ப வந்த முதல் யோசனை pg_wal குள்ள போய் பழைய கோப்புல பாதிய அழிச்சுடலாம்னு. கை கீபோர்டு வரைக்கும் போயிடுச்சு. அப்புறம் டிஸ்க்க 150 ஆக்கி, கீய புதுப்பிச்சு ஸ்டார்ட் பண்ணேன், தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய போச்சு. எனக்கு இந்த வேலைக்குப் பேர் "காவல்". அதனால "தன்காவல் தரவுத்தளம்"னு சொல்லுவேன்.

செல்வராணி:

பாலா தம்பி, கை நின்னது நல்லது. அந்தக் கோப்புங்கள்ல கடைசி செக்பாயிண்டுக்கு அப்புறம் வந்தது எதையாவது அழிச்சிருந்தா டேட்டாபேஸ் எந்திரிச்சே இருக்காது, இல்ல டேட்டா கெட்டுப்போய் எந்திரிச்சிருக்கும். அதுக்கு முந்தினத அழிச்சிருந்தா ஒழுங்கா எந்திரிச்சிருக்கும், ஆனா ஆர்க்கைவ்ல நடுவுல ஒரு ஓட்டை விழுந்திருக்கும், பழைய பேஸ் பேக்கப்ப வச்சுக்கிட்டு அந்த ஓட்டையத் தாண்டி வர முடியாது. புதுசா பேஸ் பேக்கப் எடுக்கற வரைக்கும் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லாமயே நாள் ஓடியிருக்கும், ஆப் நல்லா ஓடறதால அது தெரிஞ்சும் இருக்காது. இந்த ஒரு வரிய பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஓட்டி, failed_count ஏறுனாலோ நேரம் ரொம்பப் பழசானாலோ மெசேஜ் வர்ற மாதிரி வச்சா வெள்ளிக்கிழமை ராத்திரியே தெரிஞ்சிருக்கும்:

```
select last_archived_time, failed_count from pg_stat_archiver;
```

ஒண்ணு, ராத்திரில எழுத்து ரொம்பக் கம்மியா இருக்கற டேட்டாபேஸ்னா நேரம் சும்மாவே பழசாகும், பொய் அலாரம் அடிக்கும், அதுக்கு archive_timeout போட்டுக்கணும்.

இப்ப இளங்கோ சொன்னதுக்கு வர்றேன். பாலாவுக்கு நடந்தது மாதிரி விஷயங்கள் சேவைல வாங்குனா உண்மையிலயே அவங்க தலைவலிதான், மறுக்கல. ஆனா ரெஸ்டோர் அவங்க வேலைன்னு சொன்னீங்களே, அது பாதிதான் சரி. நான் கூட இருந்து பாத்த ஒரு கேஸ். சேவையா வாங்குன போஸ்ட்கிரஸ், காலைல 11:42க்கு ஒரு பையன் customers டேபிள்ல where போட மறந்து update அடிச்சுட்டான், எல்லாருக்கும் ஒரே பிளான் ஆயிடுச்சு. சேவைக்காரங்க பக்கம் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, 11:41க்கு போன்னு கேட்டா போகலாம். ஆனா அது ஓடற டேட்டாபேஸ அப்படியே பின்னாடி இழுக்காது, பக்கத்துல புதுசா இன்னொண்ண உண்டாக்கித் தரும், அதுக்கு வேற முகவரி. அது தயாராக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள ஓடற டேட்டாபேஸ்ல புது ஆர்டர்கள் வந்துட்டே இருக்கு, ஆப்ப புது முகவரிக்கு மாத்திட்டா அந்த ஆர்டரெல்லாம் போச்சு. அதனால பழைய டேபிள மட்டும் customers_oldனு இந்தப் பக்கம் கொண்டுவந்து,

```
update customers c set plan = o.plan
from customers_old o
where c.id = o.id;
```

இதையும் கண்ண மூடிட்டு அடிக்க முடியாது. 11:42க்கு அப்புறம் தானாவே பிளான் மாத்திக்கிட்ட வாடிக்கையாளர்கள் சிலர் இருந்தாங்க, ஆப் லாக்ல தேடி அவங்கள மட்டும் விட்டுட்டு மத்தவங்களுக்கு ஓட்டுனோம். அது யாரு யாருன்னு சேவைக்காரங்களுக்கு எப்படித் தெரியும்? மெஷின் சாகறது அவங்க பொறுப்பு, நம்ம கை தப்பறது நம்ம பொறுப்பு. "ஒப்படை"ன்னு பேர் வச்சா கையேட்ட படிக்கற தனி ஆளு ரெண்டும் போயிடுச்சுன்னு நம்பிடுவாரு, அதான் எனக்கு பயமே.

இளங்கோ:

அக்கா, அது சரி, ஆனா ரெப்ளிகா வச்சிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காதே? பெரும்பாலான சேவைல ஒரு டிக் அடிச்சா ரெப்ளிகா கிடைக்குது.

செல்வராணி:

வந்திருக்கும் தம்பி. தப்பான update-உம் அதே வேகத்துல ரெப்ளிகாவுக்குப் போயிடும், அடுத்த செகண்ட் அங்கயும் எல்லாருக்கும் ஒரே பிளான். 2017 ஜனவரி 31ல கிட்லாப்ல நடந்தத அவங்களே வெளிப்படையா எழுதியிருக்காங்க. ரெப்ளிகாவ சரி பண்ணப் போன ஆள் ராத்திரி நேரத்துல தப்பான மெஷின்ல டேட்டா டைரக்டரிய அழிச்சுட்டாரு. பேக்கப்புக்குப் போனா, சர்வர் 9.6, pg_dump ஓடுனது 9.2, அதனால டம்ப் ரொம்ப நாளா தோத்துட்டே இருந்திருக்கு, தோத்ததுன்னு சொல்ற மெயிலும் யாருக்கும் போய்ச் சேரல. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால அதுவரைக்கும் வந்தாங்க. அங்க ஒரு டீமே இருந்துச்சு, இங்க நாம ஒரே ஆளப் பத்திப் பேசறோம்.

பேர் விஷயத்துல, "பேணு"ங்கற வினைய எடுத்துக்கலாம்னு தோணுது. பேணறதுன்னா நாளும் கவனிச்சுக்கறது, மொத்தமா கை மாத்தி விடறது இல்ல. "பேணுசேவைத் தரவுத்தளம்", அந்தப் பக்கம் "தன்பேணல் தரவுத்தளம்". ஊறுகாய், சுடுசோறு மாதிரி பேணுசேவையும் வினைத்தொகைதான், வாய்ல நிக்கும்.

மணி:

பேணுசேவை நல்லாருக்குங்க. ஆனா எங்க டேட்டாபேஸ் மொத்தமே 2 ஜிபி, ராத்திரி ஒரு pg_dump எடுத்து வேற இடத்துல போட்டுடறேன், வாலும் கிடையாது ஆர்க்கைவும் கிடையாது. இதுக்கு எதுக்கு சேவை, எதுக்கு இவ்ளோ பேச்சு?

செல்வராணி:

சார், ஒரு நாள் டேட்டா போனாலும் தாங்கும்னா அது போதும், நானும் அதத்தான் சொல்லுவேன். 2 ஜிபி டம்ப் சீக்கிரமே திரும்ப ஏறிடும். ஒரே ஒரு கேள்வி, அந்த டம்ப எடுத்து காலி டேட்டாபேஸ்ல ஏத்திப் பாத்து எத்தனை நாளாச்சு?

மணி:

ஏத்திப் பாத்ததில்ல. கோப்பு சைஸ் தினமும் கொஞ்சம் கூடுது, அதனால சரியா இருக்கும்னு நெனச்சேன். இந்த வாரம் பாக்கறேன்.

இளங்கோ:

ரெப்ளிகா விஷயம் ஒத்துக்கறேன். ஆனாலும் "ஒப்படை"ய விட மனசு வரல. பேணுசேவைன்னா படிக்கறவருக்கு முதல்ல வயசானவங்கள கவனிச்சுக்கற சேவைன்னுதான் தோணும், அகராதி பாக்காம புரியணும்ல.

பாலா:

ஒப்படைல இன்னொரு சிக்கல் இருக்கு. இலங்கைப் பாடப் புத்தகங்கள்ல ஒப்படைன்னா மாணவங்க செஞ்சு குடுக்கற வேலை. அங்க ஒருத்தர் படிச்சா குழம்புவாரு. என் "தன்காவல்" பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலயே?

கவிதா:

பாலா, காவல்னா வெளியாள் உள்ள வராம பாத்துக்கறதுன்னுதான் படுது, ஃபயர்வால் அத்தியாயத்துல அந்தச் சொல்ல ஏற்கனவே அதுக்குத்தான் வச்சிருக்கேன், மன்னிச்சுக்கோங்க. இப்போதைக்கு வரைவுல "பேணுசேவை", "தன்பேணல்"னு மாத்தி, முதல்தரம் வர்ற இடத்துல எது அவங்க பேணறது எது நம்ம தலைலயே இருக்கறதுன்னு அக்கா சொன்ன 11:42 கதையோட எழுதிடறேன். இளங்கோ சொல்ற குழப்பமும் நியாயம்தான், படிச்சுப் பாக்கறவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு மறுபடி இங்கயே கேக்கறேன். தனி ஆளுக்கு எது நல்லதுங்கறதுல, ராத்திரி அலாரத்துக்கு எந்திரிக்க இன்னொரு ஆள் இல்லாதவரை பேணுசேவைன்னுதான் எழுதப் போறேன். ஆனா சேவைல சூப்பர்யூசர் உரிமை பொதுவா தர மாட்டாங்க, அவங்க பட்டியல்ல இல்லாத எக்ஸ்டென்ஷன் வேணும்னா வழி இல்ல, அதையும் சேத்துத்தான்.

செல்வராணி:

இதையும் சேருங்கம்மா. சேவையா வாங்குனாலும் பேக்கப் எத்தனை நாளுக்கு வச்சிருப்பாங்கன்னு பாக்கச் சொல்லுங்க. அமேசான் ஆர்டிஎஸ்ல தானியங்கி பேக்கப் அதிகபட்சம் 35 நாள்தான், நாம கம்மியா செட் பண்ணி விட்டிருந்தா அதுவும் இல்ல. இன்ஸ்டன்ஸ அழிக்கும்போது தானியங்கி பேக்கப்ப வச்சுக்கோன்னு சொல்லலன்னா அதுவும் சேந்து போயிடும். மாசத்துக்கு ஒரு டம்ப், அந்த அக்கவுண்ட்டுக்கு வெளிய வேற இடத்துல.

பாலா:

அக்கா கேட்டதப் பாத்துட்டு நேத்து ராத்திரி நானும் ஏத்திப் பாத்தேன். புது மெஷின், பேஸ் பேக்கப்ப இறக்கி, recovery_target_time போட்டு, வால் எல்லாத்தையும் ஓட்டி எந்திரிக்க 1 மணி 50 நிமிஷம். 20 நிமிஷம்னு வாடிக்கையாளர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன், அத மாத்தணும். பேஸ் பேக்கப் வாரத்துக்கு ஒண்ணுங்கறதால ஆறு நாள் வால ஓட்ட வேண்டியிருந்துச்சு, இனிமே தினமும் எடுக்கப் போறேன். இதுக்கு "மீட்பு ஒத்திகை"ன்னு சொல்லலாமா கவிதா, இல்ல வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?

மணி:

என்னோட டம்ப் ஏறுச்சு, ஆனா ரெண்டு டேபிள் இல்ல. போன வருஷம் புதுசா ஒரு ஸ்கீமா சேத்தோம், ஸ்கிரிப்ட்ல public ஸ்கீமாவ மட்டும் எடுன்னு சொல்ற -n public இருந்துருக்கு. இப்ப அந்த -n public-அ நீக்கிட்டேன்.