40 லட்சம் வீட்டுக்குக் கையில் எவ்வளவு வேணும்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. பாளையங்கோட்டையில ஒரு பழைய வீடு, 40 லட்சத்துக்குப் பேசி முடிச்சாச்சு. பேங்க்ல 80 சதவீதம், அதாவது 32 லட்சம் தாரேங்காங்க. மீதி 8 லட்சம்தானேன்னு இருந்தேன், கையில 8.60 இருக்கு. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம் 3.60 லட்சம்னு பத்திரம் எழுதுறவர் சொன்னப்பதான் தலை சுத்துச்சு. அதை பேங்க் வீட்டு மதிப்புல சேர்க்காதாம். அப்போ 11.60 வேணும், 3 லட்சம் துண்டு விழுது. எழுத்துக்கூலி, வக்கீல் செலவு தனி.

விக்கிறவரு, "வழிகாட்டி மதிப்பு 30 லட்சம்தான, அதுக்கே பதிவோம், மீதி ரொக்கமா குடுங்க"ங்காரு. செலவுல 90,000 மிச்சம்தான். ஆனா கடனும் 30 லட்சத்துக்குத்தான் கணக்கு. 90 சதவீதமே தந்தாலும் 27. அப்போ என் கையிலிருந்து 15.70 போகும்! தப்புங்கறது இருக்கட்டும், கட்டுபடியே ஆகாது.

3 லட்சத்துக்குத் தனிநபர் கடன்னா, 14 சதவீதம், 5 வருஷத்துக்கு மாசம் 7,000 கிட்ட வருது. அந்தத் தவணையைக் காட்டி வீட்டுக்கடனைக் குறைச்சிருவாங்களோன்னு பயம். வீட்டுக்காரி நகையை வச்சா அது பரவாயில்லையா? இப்படிச் சமாளிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அடுத்த மாசம் பதிவு.